கோனில் எத்தனை மீற்றர் நூல்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "என்னத்தைப் பற்றிப் பேசுறது பிள்ளை?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கோ ரீச்சர்" என்றார். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே கணக்கைப் பற்றியே பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறொன்றும் இதில் வராது.

எங்கள் காலத்தில் பாடசாலையில் நெசவு ஒரு பாடம். கிணற்றடிப் பக்கத்து நீண்ட அறையில் தறிகள் இருந்தன. நூல் அப்போது கழிகளாகக் கட்டி வரும். ஒரு கழியை எடுத்தால் அதில் 840 யார் நூல் உண்டு என்று நெசவு ரீச்சர் சொல்லுவா. "ஏன் 840? ஏன் 800 இல்லை?" என்று யாரோ கேட்டதற்கு, "இங்கிலாந்துக்காரனைக் கேள்" என்று சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த 840 யார்தான் இன்றைய பேச்சின் வேர்.

பருத்தி நூலின் பருமனைச் சொல்ல நெசவாளர் ஒரு எண்ணைப் பயன்படுத்துவார்கள். 20 ஆம் நம்பர், 40 ஆம் நம்பர் என்பார்கள். ஒரு இறாத்தல் நூலில் 840 யார்க் கழிகள் எத்தனை இருக்கின்றனவோ, அதுதான் நம்பர். ஒரு இறாத்தலில் 20 கழி இருந்தால் அது 20 ஆம் நம்பர். 40 கழி இருந்தால் 40 ஆம் நம்பர். அதே நிறையில் அதிக நீளம் வர வேண்டுமென்றால் நூல் மெல்லியதாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் நம்பர் கூடக் கூட நூல் மெலியும்.

கழியாக வந்த காலத்தில் நீளத்தைக் கண்ணால் எண்ணலாம். 20 கழியைக் கட்டி வைத்தால் அங்கே 20 தரம் 840 யார் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது நூல் கடதாசிக் கூம்பில் சுற்றிக் கோனாக வருகிறது. கடையில் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். நெய்பவளுக்கோ வேண்டியது நீளம். நிறையில் வாங்கி நீளத்தில் செலவழிக்கும் பொருள் இது. நடுவில் ஒரு கணக்குத் தேவைப்படுகிறது. அந்தக் கணக்குப் பிழைத்தால் யாரோ ஒருவர் தலையில் பழி விழுகிறது. அப்படி விழுந்த ஒரு பழியைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பின், ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நெசவு நிலையத்தின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சால்வை நெய்து விற்பார்கள். நூலை நிலையம் கொடுக்கும். பெண்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். ஒரு மாரிக்காலத்தில் ஒரு பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு குழந்தைகளின் தாய். "ரீச்சர், நான் நூல் எடுக்கேல்லை" என்பதுதான் அவள் முதலில் சொன்ன வசனம். அதற்குப் பிறகுதான் கதை வந்தது.

அவளுக்கு இரண்டு கோன் நூல் கொடுத்திருக்கிறார்கள். தராசில் இரண்டும் சேர்ந்து 1,480 கிராம். அவள் 10 சால்வை நெய்து கொடுத்திருக்கிறாள். பொறுப்பாளர் முடிந்த சால்வை ஒன்றை நிறுத்தார். 122 கிராம். 1,480 ஐ 122 ஆல் வகுத்தார். 12 என்று வந்தது. "12 சால்வைக்கு நூல் தந்தோம், 10 தான் வந்திருக்கிறது, இரண்டு சால்வை நூல் எங்கே?" என்று கேட்டு, அதன் பெறுமதியைக் கூலியில் கழித்துவிட்டார். காசு போனதை விட, மற்றப் பெண்களின் முன் கேட்ட கேள்விதான் அவளைச் சுட்டிருந்தது.

பொறுப்பாளர் கெட்ட மனிதர் அல்லர். 1,480 ஐ 122 ஆல் வகுத்தால் 12 தான் வரும். வகுத்தலில் பிழை இல்லை. எதை எதால் வகுத்தார் என்பதில்தான் பிழை. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கோனின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். 2/40 என்று இருந்தது. இது பலரை ஏமாற்றும் எழுத்து. 40 ஆம் நம்பர் இழைகள் இரண்டை ஒன்றாக முறுக்கிய நூல் என்பது அதன் பொருள். இரண்டு இழை சேர்ந்ததால் பருமன் இரட்டிப்பாகிறது. ஆகவே நீளக் கணக்குக்கு இது 20 ஆம் நம்பர் நூல். 40 என்று எடுத்துக் கணக்குப் போட்டால் இருப்பதைவிட இரண்டு மடங்கு நூல் இருப்பதாகத் தோன்றும். புதிதாகத் தறி வாங்கியவர்கள் பாதிச் சேலையில் நூல் முடிந்து நிற்பதற்கு அநேகமாக இதுவே காரணம். நிலையத்தில் அந்தப் பிழை நடக்கவில்லை. சால்வையையே நிறுத்ததால் நம்பர் பக்கம் அவர்கள் போகவே இல்லை.

20 ஆம் நம்பர் என்றால் ஒரு இறாத்தலில் 20 தரம் 840 யார். மீற்றரில் சொன்னால் 840 யார் என்பது 768 மீற்றர். ஒரு இறாத்தல் 453.6 கிராம். 768 ஐ 453.6 ஆல் வகுத்தால் 1.69 வருகிறது. இந்த 1.69 ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும். நம்பரை 1.69 ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை மீற்றர் என்று கிடைக்கும். 20 ஆம் நம்பர் நூலில் ஒரு கிராமுக்கு 33.9 மீற்றர். ஏறத்தாழ 34 என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். ஐரோப்பியக் கோன்களில் பெரும்பாலும் மெற்றிக் எண் போட்டிருக்கும். அது ஒரு கிராமில் எத்தனை மீற்றர் என்பதை நேராகவே சொல்வது. அங்கே 68/2 என்று கண்டால், 68 ஐ இரண்டால் வகுத்து, கிராமுக்கு 34 மீற்றர் என்று எடுங்கள். அது நம்மூர் 2/40 நூல்தான். சீட்டில் எந்த முறை எண் என்று பார்க்காமல் வாங்கினால் நூல் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி மாறிப்போகும். கம்பளிக்கு வேறு கழி, சணல் லினனுக்கு வேறு கழி. நான் சொல்லும் 840 பருத்திக்கு உரியது.

இனி அந்தப் பிள்ளையின் சால்வைக்கு எவ்வளவு நூல் தேவை என்று பார்ப்போம். துணியில் இரண்டு நூல் உண்டு. தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. நாடாவில் போய்க் குறுக்கே விழுவது ஊடை. இரண்டையும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

பாவு 25 அங்குல அகலம். அங்குலத்துக்கு 40 இழை. ஆக 1,000 இழைகள். இது வசதியான எண். பாவில் ஒவ்வொரு மீற்றருக்கும் 1,000 மீற்றர் நூல் போகிறது. சால்வை தறியில் 2 மீற்றர் நெய்யப்படுகிறது. கழுவியபின் கொஞ்சம் சுருங்கும். ஆனால் 2 மீற்றர் துணிக்கு 2 மீற்றர் பாவு போதாது. பாவு நூல் ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகிறது. அந்த நெளிவுக்கும் நூல் வேண்டும். இதை ஊகிக்கத் தேவையில்லை. நெய்த துணியில் 10 சென்ரிமீற்றர் வெட்டி, ஒரு பாவு நூலை உருவி, விரலால் நீவி நேராக்கி அளந்து பார்க்கலாம். நான் அளந்தபோது 10.6 வந்தது. ஆகவே 2 மீற்றருக்கு 2.12 மீற்றர் பாவு. இரு முனையிலும் குஞ்சத்துக்கு நெய்யாமல் விட்டது மொத்தம் 20 சென்ரிமீற்றர். ஒரு சால்வைக்கு 2.32 மீற்றர் பாவு. அதாவது 2,320 மீற்றர் நூல்.

ஊடை அங்குலத்துக்கு 36. 2 மீற்றர் என்பது ஏறத்தாழ 78.7 அங்குலம். அதில் 2,835 ஊடை விழும். ஒவ்வொன்றும் பாவின் முழு அகலத்துக்கும் போகிறது. 25 அங்குலம் 0.635 மீற்றர். பெருக்கினால் 1,800 மீற்றர். துணி தறியிலிருந்து இறங்கியபின் 25 அங்குலத்தைவிட ஒடுங்கும். ஆனால் ஊடைக் கணக்குக்கு இறங்கிய துணியின் அகலத்தை எடுக்கக்கூடாது. தறியில் அச்சில் இருக்கும் அகலத்தையே எடுக்க வேண்டும். ஊடையின் நெளிவு அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

பாவும் ஊடையும் சேர்ந்து ஒரு சால்வைக்கு 4,120 மீற்றர். பத்துக்கு 41,200 மீற்றர்.

இதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தால் நாமும் பொறுப்பாளரின் பிழையையே செய்கிறோம். சால்வையில் சேராத நூலும் உண்டு. அந்தப் பிள்ளை 25 மீற்றர் பாவு ஓடியிருந்தாள். பத்துச் சால்வைக்கு வேண்டியது 23.2 மீற்றர். மிச்சம் 1.8 மீற்றர். அதில் ஒரு மீற்றர் அளவு முன்னால் முடிச்சுக்கும், பின்னால் நாடா போக இடமில்லாத கடைசித் துண்டுக்கும் போகிறது. அதை எந்தக் கெட்டிக்காரியாலும் நெய்ய முடியாது. மிகுதி 80 சென்ரிமீற்றர் இன்னொரு சால்வைக்குப் போதாத துண்டு. 1.8 மீற்றர் என்றால் கேட்கச் சிறிதாக இருக்கிறது. ஆனால் 1,000 இழை இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. 1,800 மீற்றர் நூல். ஒரு சால்வையின் முழு ஊடைக்கும் சரியாகக் காணும் அளவு.

பிறகு பாவோடும்போது அறுந்தது, முடிச்சிட்டது, தார் சுற்றும்போது அடியில் எஞ்சியது. பாவில் நூற்றுக்கு 2, ஊடையில் நூற்றுக்கு 4 என்று அந்த நிலையத்திலேயே பல மாதம் பார்த்த அளவை எடுத்தேன். பாவில் 500 மீற்றர், ஊடையில் 700 மீற்றர். எல்லாம் கூட்டினால் 44,200 மீற்றர்.

இப்போது மறுபக்கம். அவளுக்குக் கொடுத்தது எத்தனை மீற்றர்?

தராசு காட்டியது 1,480 கிராம். அதில் நூல் மட்டுமா இருந்தது? வெறும் கோன் ஒன்றைத் தராசில் வைத்தேன். 55 கிராம். இரண்டுக்கும் 110. ஆகவே நூல் 1,370 கிராம். ஒரு சால்வைக்குக் கிட்டிய நிறை அந்தக் கடதாசிக் கூம்புகளிலேயே போய்விட்டது! பொறுப்பாளர் கடதாசியையும் சால்வையாக நெய்து தரும்படி கேட்டிருந்தார்.

1,370 ஐ 33.87 ஆல் பெருக்கினால் 46,400 மீற்றர். தேவை 44,200. இன்னும் 2,200 மீற்றர் மிஞ்ச வேண்டும். ஏறத்தாழ அரைச் சால்வை. அவள் திருப்பிக் கொடுத்ததோ ஒரு சின்ன நூலுருண்டை. அதை நிறுத்தால் 8 கிராம்தான். "ரீச்சருடைய கணக்கிலும் நூல் குறையுதுதானே?" என்று பொறுப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஒரு நாள் முழுக்க அதையே யோசித்தேன்.

விடை நூலின் ஈரத்தில் இருந்தது. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நூல் வியாபாரத்தில் காய்ந்த பருத்தி 100 கிராமுக்கு 8.5 கிராம் ஈரம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அளவு உண்டு. நம்பர் கணக்கும் அந்த நிலையில் உள்ள நூலுக்கே. நம்முடைய வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில், கதவு திறந்து கிடக்கும் களஞ்சிய அறையில், அது 12 கிராமையும் எட்டும். கையால் தொட்டால் ஈரம் தெரியாது. தராசுக்கு மட்டும் தெரியும். கோன் கொடுத்தது மழை நாளில். சால்வையை நிறுத்தது கழுவிக் காயவைத்து, குளிரூட்டிய அறையில். ஒரே நூலை இரண்டு வேறு காலநிலையில் நிறுத்து ஒன்றை ஒன்றால் வகுத்திருக்கிறார்கள். இதைவிட, சாயம் ஏறிய நூல் கொஞ்சம் கனக்கும். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கும்போது நீளம் கொஞ்சம் சுருங்கும். ஆலை 20 என்று எழுதுவது ஒரு இலக்கு. ஒவ்வொரு கோனும் அந்த இலக்கிலேயே நிற்கும் என்று இல்லை.

இத்தனைக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டால் தலை சுற்றும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அடியில் நீக்க ஒரு எளிய வழி உண்டு. சீட்டில் உள்ள நம்பரை மறந்துவிடுங்கள். அதே கோனிலிருந்து 100 மீற்றர் அளந்து எடுத்து, அதே நாளில் நிறுத்துப் பாருங்கள். நூல் ஈரமாக இருந்தால் அந்த 100 மீற்றரும் அதேயளவு ஈரமாக இருக்கும். சாயத்தால் கனத்தால் அதுவும் கனக்கும். கோனின் நிறையை 100 மீற்றரின் நிறையால் வகுக்கும்போது இவை எல்லாம் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். பின்னத்தில் பொதுக் காரணியை வெட்டுவது போல!

அவளுக்குக் கொடுத்த அதே தொகுதியில், அதே அறையில் ஒரு கோன் எஞ்சி இருந்தது. மழை விடாத இன்னொரு நாளில் அதில் 100 மீற்றர் எடுத்தோம். சுற்றளவு 2 மீற்றர் உள்ள சட்டத்தில் 50 சுற்று. சுற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறவிடாமல் பக்கம் பக்கமாகப் பரப்பிச் சுற்ற வேண்டும். மேலே ஏறினால் ஒவ்வொரு சுற்றும் நீளும். இழுத்துச் சுற்றவும் கூடாது. பருத்தி நூல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். விட்டால் சுருங்கிவிடும். பின் நாம் 100 என்று நினைப்பது 98 ஆக இருக்கும். கோனின் வெளிச்சுற்று கைபட்டுத் தளர்ந்திருக்கும். அதைக் கொஞ்சம் விட்டு உள்ளே எடுத்தோம். ஐந்து தரம் எடுத்தோம். நிறை ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. சராசரி 3.08 கிராம்.

தராசு எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். நகைக்கடையில் போய்க் கேட்டோம். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் அது காட்டும். 3 என்று காட்டினால் உண்மை 2.5 ஆகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் அதே 1,370 கிராம் கோனில் 39,100 மீற்றரும் இருக்கலாம், 54,800 மீற்றரும் இருக்கலாம். அந்தக் கணக்கை வைத்து ஒருத்தியின் மேல் பழி சொல்ல முடியுமா?

1,370 கிராம், 100 மீற்றருக்கு 3.08 கிராம். வகுத்தால் 44,480 மீற்றர். தேவை 44,200. மிச்சம் 280 மீற்றர். அதன் நிறை 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அவள் திருப்பிக் கொடுத்த உருண்டை 8 கிராம்.

அந்த மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள்தான், "அந்த உருண்டையைத் தேவையில்லை எண்டு எறியப் பார்த்தனான் ரீச்சர்" என்றாள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு கிராமில் சரிவந்தது அதிர்ஷ்டமும் சேர்ந்ததால்தான். இழை எண்ணிக்கையில், நெளிவில், அறுந்த நூலில், தராசில் எல்லாம் சிறு சிறு வித்தியாசம் உண்டு. இந்தக் கணக்கு நூற்றுக்கு 3 வரை முன்னே பின்னே போகலாம் என்றுதான் நான் எடுப்பேன். 1,370 கிராமில் அது 41 கிராம். ஒரு சால்வையில் மூன்றிலொரு பங்கு. அதற்குள் வரும் குறைவுக்கு யாரையும் கேள்வி கேட்க இந்தக் கணக்கு அதிகாரம் தராது. அதற்குமேல் குறைந்தாலும் முதலில் கேட்க வேண்டியது "யார் எடுத்தது?" என்பதல்ல. துணியை எடுத்து, ஒரு அங்குலத்தில் ஊடை எத்தனை என்று எண்ண வேண்டும். 36 அடிக்க வேண்டிய இடத்தில் கை பழக்கத்தால் 40 விழுந்தால், பத்துச் சால்வைக்கு 2,000 மீற்றர் கூடுதலாகப் போகும். ஏறத்தாழ அரைச் சால்வை நூல். அது களவு போகவில்லை. துணிக்குள்ளேயே இருக்கிறது. வாங்கியவர் இன்னும் கொஞ்சம் இறுக்கமான சால்வையைப் போர்த்துக்கொண்டு போயிருப்பார்.

கழித்த கூலியை நிலையம் திருப்பிக் கொடுத்தது. பொறுப்பாளர் அவளிடம் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டார். அதற்கு மனம் வேண்டும். அவருக்கு அது இருந்தது.

அதன்பின் நிலையத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். நகைக்கடைத் தராசு தேவைப்படாத வழி அது. நூல் கோன்களை நிறுத்து எழுதுகிறோம். பாவு ஓடி முடிந்ததும் அதே கோன்களை அன்றே மறுபடி நிறுக்கிறோம். பாவில் எத்தனை இழை, எத்தனை மீற்றர் என்பது நமக்குத் தெரியும். 1,000 இழை, 25 மீற்றர் என்றால் 25,000 மீற்றர் நூல் நம் கண் முன்னாலேயே அளந்தாகிவிட்டது. கோனில் 770 கிராம் குறைந்திருந்தால், 770 ஐ 250 ஆல் வகுக்க 100 மீற்றருக்கு 3.08 கிராம் என்று தானாகவே வந்துவிடும். 100 மீற்றர் அளப்பதற்குப் பதிலாக 25,000 மீற்றர் அளந்ததால், சமையலறைத் தராசின் ஒரு கிராம் பிழை இங்கே ஒன்றுமில்லாமல் போகிறது. அறுந்து விழுந்த நூலைக் கூட்டி அள்ளி அதையும் நிறுத்துக் கழிக்க வேண்டும். அதை மறந்தால் நூல் உண்மையில் இருப்பதைவிடப் பருமன் என்று காட்டும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஊடைக்கு எஞ்சிய நூல் போதுமா என்று நெய்யத் தொடங்கும் முன்னரே தெரிந்துவிடும். பத்துச் சால்வைக்கு ஊடையும் கழிவும் சேர்ந்து 18,700 மீற்றர். 3.08 கணக்கில் 576 கிராம். கோனில் அதற்குக் குறைவாக இருந்தால் அன்றே கடைக்குப் போய் அதே சாயத் தொகுதியில் இன்னொரு கோன் வாங்கலாம். எட்டாவது சால்வையில் நூல் முடிந்து, இரண்டு கிழமை கழித்துப் போனால் அதே நிறம் கிடைக்காது. பெயர் ஒன்றாக இருக்கும். வெயிலில் விரித்தால் நிறம் இரண்டாகத் தெரியும்.

அந்த நிறையை நெய்பவளும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் கொப்பியில் சேர்த்தோம். கொப்பியில் ஐந்து நிரல்கள். கோனோடு நிறை, வெறுங்கோன் நிறை, பாவோடிய பின் நிறை, திருப்பிய நூல், கழிவு. திகதியோடு மழையா வெயிலா என்று எழுத ஒரு சிறு இடமும் விட்டோம். முதலில் அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதை எழுதாமல் விட்டால் பெண்களே, "ரீச்சர், மழை எழுதேல்லை" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இந்த நூற்றாண்டுக்காக நம் பாடசாலை நிறத்தில் 200 சால்வை நெய்விக்கச் சங்கம் யோசிப்பதாக அறிந்தேன். அது நடந்தால், மேலே சொன்ன அதே சால்வைக்கு, ஒவ்வொரு பாவிலும் பத்து நெய்தால், ஒரு பாவுக்கு 44,200 மீற்றர். 20 பாவுக்கு 884,000 மீற்றர். மழைக்காலத்தில் வாங்கினால் கிலோவுக்கு 32,500 மீற்றர் அளவில் எடுங்கள். 27.2 கிலோ நூல், கோன் நிறை நீங்கலாக. நூற்றுக்கு 3 பாதுகாப்புக்குச் சேர்த்தால் 28 கிலோ. ஒரே சாயத் தொகுதியில், ஒரே நாளில் வாங்குங்கள். பாவை 25 மீற்றரிலிருந்து 48 மீற்றராக நீட்ட முடிந்தால் ஒரு பாவில் 20 சால்வை வரும். முடிச்சுக்கும் கடைசித் துண்டுக்கும் போகும் அந்த ஒரு மீற்றர் 20 தரத்துக்குப் பதில் 10 தரமே போகும். சால்வைக்குப் போதாத துண்டும் அதோடு குறையும். அதில் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம்.

நூலை நெய்பவர்களிடம் கொடுக்கும்போது, வெறுங்கோனை முதலில் தராசில் வைக்க மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.